மூன்று ரிக்ரெஷன்கள், ஒரே சமன்பாடு: பரவலும் லிங்க்கும் செய்யும் வேலை

கேள்வி: லீனியர், லாஜிஸ்டிக், பாய்சான் ரிக்ரெஷன் மூன்றும் ஒரே குடும்பம் என்கிறார்கள். எனக்கு அவை மூன்று தனித்தனிச் சூத்திரங்களாகத்தான் தெரிகின்றன. ‘பரவலைத் தேர்ந்தெடு, லிங்க்கைத் தேர்ந்தெடு’ என்றால் உண்மையில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம், எதை வைத்து?

பதில்:

இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதை முதலில் பிரித்து வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகத் தெளிவாகும். பரவல் என்பது, சராசரி இன்னதாக இருக்கும்போது கண்ட மதிப்பு ஒன்று அதைச் சுற்றி எவ்வளவு சிதறும் என்பதைச் சொல்கிறது. அதன் வழியாக, எந்தக் கண்ட மதிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. லிங்க் என்பது, காரணிகளின் விளைவுகள் எந்த அளவுகோலில் ஒன்றோடொன்று கூடுகின்றன என்பதைச் சொல்கிறது. நிகழ்தகவிலேயே கூடுகின்றனவா, சாதக விகிதத்தின் மடக்கையில் கூடுகின்றனவா, எண்ணிக்கையின் மடக்கையில் கூடுகின்றனவா என்பதே அங்குள்ள கேள்வி. பாடநூல்கள் இயல்நிலையோடு நேர் லிங்க்கையும், ஈருறுப்போடு லாஜிட்டையும், பாய்சானோடு மடக்கையையும் ஜோடி ஜோடியாகவே அறிமுகப்படுத்துவதால், இரண்டும் ஒட்டிப் பிறந்தவை என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. உண்மையில் அவை தனித்தனியே தேர்ந்தெடுக்கக் கூடியவை.

குறியீடுகள் மூன்று போதும். y என்பது நாம் கண்ட மதிப்பு, μ என்பது அதன் சராசரி, η என்பது β0 + β1x + … என்ற நேரியல் கூட்டல். லிங்க் என்பது g(μ) = η என்று சராசரியைக் கூட்டலோடு இணைக்கும் சார்பு. இங்கே மாற்றப்படுவது y அன்று, μ தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும். பரவலிலிருந்து நமக்கு வேண்டியது பெரும்பாலும் ஒன்றே: சராசரி மாறும்போது பரவற்படி, அதாவது வேரியன்ஸ், எப்படி மாறுகிறது என்ற V(μ). இயல்நிலையில் அது மாறாத எண்; பாய்சானில் V(μ) = μ; ஆம், இல்லை என்ற இரண்டே விடை உள்ள தரவில் V(μ) = μ(1−μ).

இவற்றை வைத்து, கண்ட தரவு வெளிப்படும் வாய்ப்பை மிகப் பெரிதாக்கும் β மதிப்புகளைத் தேடினால், மூன்று மாதிரிகளுக்கும் கிடைப்பது இந்த ஒரே சமன்பாடுதான்:

Σ x · (y − μ) · (dμ/dη) / V(μ) = 0

குடும்பம் என்று சொல்வதன் பொருள் இதில்தான் இருக்கிறது. சாதாரண லீனியர் ரிக்ரெஷனில் dμ/dη = 1, V மாறிலி; எனவே Σ x(y − μ) = 0 என்று நாம் பள்ளிக்காலம் முதல் அறிந்த மீச்சிறு வர்க்கச் சமன்பாடு மிஞ்சுகிறது. லாஜிட் லிங்க்கை எடுத்தால் dμ/dη = μ(1−μ); அது ஈருறுப்பின் V(μ)வோடு அப்படியே அடிபட்டுப் போக, மீண்டும் Σ x(y − μ) = 0. மடக்கை லிங்க்கில் dμ/dη = μ; அது பாய்சானின் V(μ)வோடு அடிபட்டு, மறுபடியும் அதே சமன்பாடு. இப்படி அடிபட்டுப் போகும் லிங்க்கை அந்தப் பரவலின் இயல்பான லிங்க் என்பார்கள். ஜோடிகள் உருவானதற்குக் காரணம் இந்தக் கணித வசதியே. இயற்கை அந்த அளவுகோலில்தான் இயங்குகிறது என்பதற்கு அது சான்றாகாது.

1972இல் ஜான் நெல்டரும் ராபர்ட் வெடர்பர்னும் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திலிருந்து வெளியிட்ட கட்டுரைதான் இந்த மாதிரிகளை ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. அவர்கள் காட்டிய முக்கியமான செய்தி, எல்லாவற்றையும் ஒரே கணக்கீட்டு வழியால் தீர்க்கலாம் என்பது. அந்த வழியை ஓர் உண்மைத் தரவில் காட்டுகிறேன்.

1935இல் செஸ்டர் பிளிஸ் வெளியிட்ட சோதனை அது. எட்டுத் தொகுதிகளாக 481 வண்டுகள் கார்பன் டைசல்பைடு வாயுவில் ஐந்து மணி நேரம் வைக்கப்பட்டன. ஒவ்வொரு தொகுதிக்கும் வாயுவின் அளவு வேறு. ஒவ்வொன்றிலும் எத்தனை இறந்தன என்பதே y. கீழே x என்பது, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவின் 10-அடிமான மடக்கை.

```r
d <- data.frame(
  x = c(1.6907, 1.7242, 1.7552, 1.7842,
        1.8113, 1.8369, 1.8610, 1.8839),
  n = c(59, 60, 62, 56, 63, 59, 62, 60),
  y = c(6, 13, 18, 28, 52, 53, 61, 60))
m1 <- glm(cbind(y, n - y) ~ x, data = d,
          family = binomial(link = "logit"))
m2 <- update(m1, family = binomial(link = "cloglog"))
```

கடைசித் தொகுதியைப் பாருங்கள்: 60 வண்டுகளில் 60உம் இறந்தன. குடும்பம் என்ற கருத்து இல்லாமல் இதை ஒருவர் அணுகினால், ஒவ்வொரு தொகுதியிலும் இறந்தவை, பிழைத்தவை என்ற விகிதத்தின் மடக்கையை எடுத்து, அதற்கு ஒரு நேர்கோடு போட்டுவிடலாம் என்று தோன்றும். கடைசித் தொகுதியில் அது 60/0 என்று முடிவிலிக்குப் போய்விடும். ‘பிழைத்தவர் எவருமில்லை’ என்ற இதே சிக்கலுக்குத்தான் ரொனால்டு ஃபிஷர் அதே ஆண்டில், பிளிஸின் கட்டுரைக்கு ஒரு பின்னிணைப்பாகத் தீர்வு எழுதினார். அவர் அதைப் புரோபிட் என்ற வேறொரு லிங்க்குக்காக எழுதினார். அதையே எல்லா லிங்க்குகளுக்கும் இந்தக் குடும்பத்தின் எல்லாப் பரவல்களுக்கும் விரித்தவர்கள்தாம் நெல்டரும் வெடர்பர்னும்.

தீர்வு இதுதான். கண்ட மதிப்பை நேரடியாக g-க்குள் செலுத்தாமல், இப்போதைய மாதிரி சொல்லும் இடத்தில் நின்றுகொண்டு, அங்கிருந்து ஒரு தொடுகோடு வழியாக y-ஐ η அளவுகோலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்: z = η + (y − μ) · dη/dμ. இந்த z ஒவ்வொன்றுக்கும் (dμ/dη)² / V(μ) என்ற எடையைக் கொடுத்து, சாதாரண எடையிட்ட மீச்சிறு வர்க்க முறையில் நேர்கோடு போட வேண்டும். புதிய கோட்டிலிருந்து புதிய μ, அதிலிருந்து புதிய z, புதிய எடை என்று, மதிப்புகள் நகராமல் நிற்கும் வரை திரும்பச் செய்ய வேண்டும். பெரும்பாலும் நான்கைந்து சுற்றுகளில் நின்றுவிடும். இயல்நிலையும் நேர் லிங்க்கும் என்றால் z என்பது y-யே, எடை எல்லாவற்றுக்கும் ஒன்றே. எனவே முதல் சுற்றிலேயே முடிந்துவிடுகிறது. லீனியர் ரிக்ரெஷன் இந்த வழியின் மிக எளிய நிலை.

வண்டுகளின் தரவில் லாஜிட் கணக்கு η = −60.72 + 34.27x என்று நிற்கிறது. கடைசித் தொகுதியில் η ஏறத்தாழ 3.84, அதாவது இறக்கும் நிகழ்தகவு 0.979. இந்தக் கணக்கில் y-க்கு இறந்தவற்றின் விகிதத்தை எடுத்துக்கொள்கிறோம்; அங்கே அது 1. ஆகவே z = 3.84 + (1 − 0.979)/(0.979 × 0.021), சுமார் 4.86. முடிவிலி இருந்த இடத்தில் அடக்கமான ஓர் எண் வந்துவிட்டது. தொகுதியின் எண்ணிக்கையையும் பெருக்கினால் அதன் எடை 60 × 0.979 × 0.021, அதாவது சுமார் 1.2 தான். நடுவில், x = 1.7842 என்ற இடத்திலுள்ள 56 வண்டுகளின் எடை சுமார் 13.4. எண்ணிக்கையில் ஏறத்தாழச் சமமான இரண்டு தொகுதிகளில் ஒன்று மற்றதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலாகக் கோட்டைத் தீர்மானிக்கிறது. ‘பரவலைத் தேர்ந்தெடுத்தல்’ என்பது நடைமுறையில் செய்யும் வேலை இதுவே. எல்லாம் இறந்துவிடும் என்று முன்கூட்டியே தெரிந்த இடத்தில் எல்லாம் இறந்ததைப் பார்ப்பதால், சரிவைப் பற்றி நமக்கு அதிகம் தெரிந்துவிடுவதில்லை என்பதை μ(1−μ) தானே கணக்கில் கொண்டுவந்து சேர்க்கிறது.

இனி லிங்க். லாஜிட் மாதிரி எட்டுத் தொகுதிகளிலும் எதிர்பார்க்கும் இறப்புகள் முறையே 3.46, 9.84, 22.45, 33.90, 50.10, 53.29, 59.22, 58.74. இவற்றைக் கூட்டினால் சரியாக 291.00 வரும், உண்மையில் இறந்தவையும் 291. இது தற்செயல் அன்று. Σ x(y − μ) = 0 என்பதில் β0-க்குரிய x எப்போதும் 1 என்பதால், இயல்பான லிங்க்கில் மொத்தங்கள் பொருந்தியே ஆக வேண்டும். மொத்தம் பொருந்துவதை வைத்து மாதிரி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

வரிவரியாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மிகக் குறைந்த இரு அளவுகளில் மாதிரி சொல்வதைவிட அதிகமாக இறந்திருக்கின்றன (6, 13). அடுத்த இரண்டில் மாதிரி சொல்வதைவிடக் குறைவாக இறந்திருக்கின்றன (18, 28). மேலே போகப்போக மீண்டும், ஒரு தொகுதி தவிர, கண்டது சற்றே கூடுதல். பிழைகள் இப்படிக் குழுக்குழுவாக ஒரே பக்கம் சாய்ந்தால், அது தற்செயலான சிதறல் போலத் தோன்றவில்லை. வளைவின் வடிவமே ஒத்துவரவில்லை என்று ஐயப்பட வேண்டும். லாஜிட் வளைவு 0.5-ஐச் சுற்றி இருபுறமும் ஒரே மாதிரியானது: பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு மெதுவாக ஏறுகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் ஒன்றை நெருங்கும். இந்தத் தரவோ மெதுவாகக் கிளம்பி, வேகமாக உச்சியைத் தொடுகிறது.

அப்படிப்பட்ட வடிவம் கொண்ட லிங்க் log(−log(1−μ)), மென்பொருளில் `cloglog`. பரவலை மாற்றாமல் லிங்க்கை மட்டும் மாற்றிய m2-வின் எதிர்பார்ப்புகள் 5.59, 11.28, 20.95, 30.37, 47.78, 54.14, 61.11, 59.95. கண்ட எண்களுக்கு இவை எவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன என்பது பார்த்த உடனே தெரியும். (இவற்றின் கூட்டல் 291.17. இந்த லிங்க் ஈருறுப்புக்கு இயல்பானது அன்று என்பதால் மொத்தம் சிறிது விலகுகிறது; அதில் குறை ஒன்றுமில்லை.) பொருத்தமின்மையை அளக்கும் டீவியன்ஸ் என்ற எண் m1-இல் 11.23, m2-இல் 3.45, இரண்டிலும் விடுதலைப் படி 6. ஆறு படிகளுக்கு 5 சதவீத எல்லை 12.59 என்பதால், லாஜிட் மாதிரியை அந்தச் சோதனை மட்டும் நிராகரித்திருக்காது. வரிவரியாகப் பார்த்தவருக்குத்தான் அது பிடிபட்டிருக்கும்.

இந்த வேறுபாடு எங்கே வலிக்கும் என்றால் ஓரங்களில். பாதி வண்டுகளைக் கொல்லும் அளவு எது என்று கேட்டால், லாஜிட் லிட்டருக்கு 59.1 மில்லிகிராம் என்கிறது, மற்றது 60.1 என்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை. நூற்றில் ஒன்றைக் கொல்லும் அளவு எது என்று கேட்டால் ஒன்று 43.4 என்றும் மற்றது 38.6 என்றும் சொல்கின்றன. இரண்டுமே சோதிக்கப்பட்ட மிகக் குறைந்த அளவான 49-க்குக் கீழே இருப்பவை. தரவு இல்லாத இடத்தில் பேசுவது லிங்க் மட்டுமே. லிங்க்கை மாற்றினால் கெழுவின் பொருளும் மாறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. லாஜிட்டில் β1 சாதக விகிதத்தின் மடக்கையில் ஏற்படும் மாற்றம்; 34.27-ஐயும் m2-வின் 22.04-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஓர் எச்சரிக்கை. டீவியன்ஸை விடுதலைப் படியோடு ஒப்பிடும் இந்தச் சோதனை, வண்டுகள் தொகுதி தொகுதியாக எண்ணப்பட்டிருப்பதால்தான் செல்லுகிறது. ஒவ்வொரு வண்டுக்கும் ஒரு வரி என 481 வரிகளாக 0, 1 என்று உள்ளிட்டால் கெழுக்கள் மாறாது. ஆனால் அப்போது அச்சாகும் டீவியன்ஸ் பொருத்தத்தைப் பற்றி எதையும் சொல்லாது. லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் செய்பவர்கள் மிக அதிகமாகத் தவறும் இடம் இது.

பாய்சான் பக்கம் வருவோம். 1951இல் ரிச்சர்டு டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டனின் மருத்துவர்களிடையே தொடங்கிய புகைப்பழக்க ஆய்விலிருந்து, மாரடைப்பு முதலான இதயத்தமனி நோய் இறப்புகளின் சிறு அட்டவணை ஒன்று புள்ளியியல் வகுப்புகளில் அடிக்கடி பயன்படுகிறது. ஐந்து வயதுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் புகைப்பவர், புகைக்காதவர். மொத்த இறப்புகள் புகைப்பவரில் 630, புகைக்காதவரில் 101. ஆனால் புகைப்பவர்கள் கண்காணிக்கப்பட்டது 142247 ஆள்-ஆண்டுகள், மற்றவர்கள் 39220 மட்டுமே. எனவே மாதிரி இறப்பு வீதத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும்: log(μ) = log(ஆள்-ஆண்டு) + η. கெழு இல்லாமல் அப்படியே கூட்டப்படும் அந்த முதல் உறுப்புக்கு ஆஃப்செட் என்று பெயர்.

```r
glm(deaths ~ age + smoke + offset(log(pyears)),
    family = poisson)
```

இங்கே `age` ஐந்து நிலைகள் கொண்ட பிரிவு மாறி. கிடைக்கும் விடை: வயதைக் கணக்கில் கொண்ட பின், புகைப்பவரின் இறப்பு வீதம் மற்றவரைப்போல் 1.43 மடங்கு, 95 சதவீத இடைவெளி 1.15 முதல் 1.76 வரை. ஆஃப்செட்டை எழுத மறந்தால் அதே கட்டளை 6.24 மடங்கு என்று சொல்லும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் முன்பே பார்த்துவிட்டோம். இயல்பான லிங்க்கில் ஒவ்வொரு பிரிவின் மொத்தமும் பொருந்த வேண்டும் என்பதால், விடை 630/101 என்ற வெறும் வகுத்தலாகச் சுருங்கிவிடுகிறது. ஆய்வில் புகைப்பவர் அதிகம் என்பதையே அது புகைத்தலின் விளைவு போலக் காட்டுகிறது.

மடக்கை லிங்க்கை எடுத்த கணமே, புகைத்தல் எல்லா வயதிலும் வீதத்தை ஒரே மடங்கால் பெருக்குகிறது என்று நாம் கூறிவிட்டோம். தரவு அதற்கு உடன்படுகிறதா? 35 முதல் 44 வயதுப் பிரிவில், பத்தாயிரம் ஆள்-ஆண்டுக்குப் புகைப்பவரில் 6.1 இறப்புகள், மற்றவரில் 1.1; மடங்கு 5.7. 75 முதல் 84 வரையிலான பிரிவில் 191.8, 212.0, மடங்கு ஒன்றுக்கும் கீழே, 0.9. மாதிரி, இளம் வயதுப் புகைக்காதவரில் 6.8 இறப்புகளை எதிர்பார்க்கிறது, கண்டது 2. முதிய வயதில் 21.5-ஐ எதிர்பார்க்கிறது, கண்டது 31. டீவியன்ஸ் 12.13, விடுதலைப் படி 4, எல்லை 9.49.

இந்த இடத்தில் ஒரு தவறான மருந்து எளிதில் கைக்கு வருகிறது. பாய்சானில் பரவற்படி சராசரிக்குச் சமமாக இருக்க வேண்டும். நடைமுறைத் தரவு பெரும்பாலும் அதைவிட அதிகமாகச் சிதறும். அதற்காக 1974இல் வெடர்பர்ன் ஒரு வழி வகுத்தார்: முழுப் பரவலையும் குறிப்பிடாமல், V(μ) = φμ என்று மட்டும் வைத்துக்கொண்டு, φ-ஐத் தரவிலிருந்தே மதிப்பிடுவது. மேலே உள்ள சமன்பாட்டில் V மட்டுமே வருவதால் கெழுக்கள் மாறாது. திட்டப் பிழைகள் √φ மடங்கு பெருகும். (அந்தச் சமன்பாட்டுக்கு முழுப் பரவலும் தேவையில்லை என்ற இந்தக் கண்டறிதலைத்தான் நான் இந்தத் துறையிலேயே மிக அழகானது என்று கருதுகிறேன். வெடர்பர்ன் அடுத்த ஆண்டே, 28 வயதில் இறந்துபோனார்.) மருத்துவர் தரவில் φ-இன் மதிப்பீடு சுமார் 2.8, `quasipoisson` என்று எழுதிவிட்டால் திட்டப் பிழைகள் 1.67 மடங்காகி, 1.43 என்ற விடை அகன்ற இடைவெளியோடு அப்படியே நிற்கும். ஆனால் இங்கே சிதறலில் குறையில்லை. மடங்கு வயதோடு சீராகக் குறைந்துகொண்டே வருகிறது. அதை ஒரே எண்ணாக அழுத்தியதுதான் குறை. φ-ஐத் தொடுவதற்கு முன், பிழைகள் எந்த வரிசையில் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்க்க வேண்டும். சாய்வில் ஒழுங்கு இருந்தால் குறை η-விலோ லிங்க்கிலோ இருக்கிறது. இந்தத் தரவில் வயதையும் புகைத்தலையும் பெருக்கிய உறுப்பைச் சேர்ப்பதே வழி. ஒழுங்கே இல்லாமல் எல்லா இடத்திலும் சிதறல் பெரிதாக இருந்தால்தான் V-யை மாற்ற வேண்டும்.

கடைசியாக, முன்பு குறித்துக்கொள்ளச் சொன்னது. எண்ணிக்கைகளின் மடக்கையை எடுத்துச் சாதாரண ரிக்ரெஷன் போடுவதும் மடக்கை லிங்க் கொண்ட பாய்சானும் ஒன்றுதானே என்று பலர் கேட்பார்கள். ஒரு பிரிவில் 1, 9 என்ற இரண்டு எண்ணிக்கைகள் மட்டும் இருப்பதாகக் கொள்ளுங்கள். மடக்கைகளின் சராசரியை எடுத்துத் திரும்ப மாற்றினால் 3 வரும். மடக்கை லிங்க் தரும் விடை 5. முதலாவது log y-இன் சராசரியை மதிப்பிடுகிறது, இரண்டாவது y-இன் சராசரியின் மடக்கையை மதிப்பிடுகிறது. மருத்துவமனைக்கு எத்தனை படுக்கைகள் வேண்டும் என்று கணக்கிடுபவருக்கு வேண்டியது 5. ஏனெனில் அவர் பின்னால் கூட்டப்போவது எண்ணிக்கைகளை, மடக்கைகளை அன்று. எண்ணிக்கை 0 ஆக ஒரு வரி வந்துவிட்டால் முதல் வழியில் மடக்கையே கிடையாது. எல்லாவற்றோடும் 1-ஐக் கூட்டிக்கொள்ளும் வழக்கம் கெழுக்களை எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மடக்கை லிங்க்கில் y = 0 என்பது மற்றெந்த மதிப்பையும் போல ஒரு மதிப்பு; μ பூஜ்ஜியமாகாத வரை கணக்கு அதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறது.